பதினாறு பக்கம்

தூத்துக்குடி கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளியின் தலைமையாசிரியை போனில் கூப்பிட்டார். "சார், தேசிய நூலக வாரத்துக்குப் பள்ளியில புத்தகக் கண்காட்சி வைக்கோம். நீங்கதான் தொறந்து வைக்கணும். அஞ்சு நிமிஷம் பேசுனா போதும். பெத்தவங்கள வரவேற்கணும், பிள்ளைகளுக்கு வாசிக்கணும்னு ஆசை வரணும்." கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இப்படி அழைப்பு வருவது புதிதில்லை. ஐந்து நிமிடம் என்று நேரத்தைச் சொல்லி அழைத்ததுதான் புதிது.

நிதானமாகப் பேசினால் ஐந்து நிமிடத்தில் ஐந்நூறு சொல் பேசலாம். நம் மேடை வழக்கப்படி "மாண்புமிகு", "அவர்களே" என்று ஆரம்பித்தால் அதில் பாதி அழைப்பிதழில் உள்ள பெயர்களுக்கே போய்விடும். நம் ஊர் விழா நடைமுறை எல்லாருக்கும் தெரியும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து பேச்சாளருக்கு மைக் வரும்போது, தரையில் உட்கார்ந்திருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை முன்னால் இருப்பவன் சட்டையில் மணல் போட ஆரம்பித்திருப்பான். அதனால் நான் முதலில் எழுதியது பேச்சை இல்லை, விழாவின் வரிசையை. விளக்கு முடிந்ததும் உடனே நான் பேசுவது, பொன்னாடை எல்லாம் வேண்டாம் என்று கேட்டேன். பொன்னாடை விஷயத்தில் மட்டும் தலைமையாசிரியை இறங்கி வரவில்லை.

நாளைப் பற்றியும் ஒன்று கேட்டேன். அவர்கள் வெள்ளிக்கிழமை காலை என்று வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளியில் படிப்பவர்களில் பாதிப் பேர் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள். மற்றவர்கள் உப்பளத்திலும் துறைமுகத்திலும் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். தூத்துக்குடி விசைப்படகு விடியுமுன் கடலுக்குப் போய் இரவில்தான் கரைக்குத் திரும்பும். வெள்ளிக்கிழமை காலையில் "பெற்றோர்களே வருக" என்று தட்டி வைத்தால் வாசலில் நின்று சிரிக்கப்போவது அந்தத் தட்டி மட்டும்தான். எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஞாயிறு, கோயிலில் பூசை முடிகிற நேரத்துக்குப் பிறகு என்று மாற்றினார்கள். பெற்றவர்களை வரவேற்கும் பேச்சின் முதல் வரி அந்தத் தேதி மாற்றம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். அப்பாக்கள் வந்திருந்தார்கள், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குள் வந்தால் ஆண்களுக்கு வருகிற அந்தச் சங்கடத்தோடு சுவர் ஓரமாக நின்றார்கள்.

அடுத்து என்ன பேசுவது என்ற கேள்வி. பள்ளி அடித்திருந்த பேனரில் "புத்தகக் கடலில் முத்தெடுப்போம்" என்று இருந்தது. எங்கள் ஊரில் எந்தப் புத்தக விழாவிலும் தப்பாமல் வரும் வாசகம் இது. சொல்பவர்களுக்கு முத்துக்குளிப்பு தெரியாது. கேட்கிற பிள்ளைகளின் தாத்தாக்களுக்குத் தெரியும். கடைசியாக அரசு முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதற்குப் பிறகு பார்களில் சிப்பி போதுமான அளவு சேரவே இல்லை. 'பார்' என்பது கடலுக்கடியில் சிப்பி ஒட்டி வளரும் பாறைத்திட்டு. தோலாயிரம் பார் என்று பேர்போன ஒன்று உண்டு. குளிப்பு நடந்த காலத்திலும் சிப்பியைக் குவியலாக, திறக்காமலேதான் ஏலம் விடுவார்கள். எடுத்தவன் வீட்டுக்குக் கொண்டுபோய் அழுகவைத்துக் கழுவிப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். ஆயிரம் சிப்பியில் ஒன்றுமே தேறாமல் கடனாளியானவர்கள் உண்டு. "புத்தகம் அப்படித்தான்" என்று சொன்னால் பிள்ளை வாங்கவே பயப்படும். அந்த உவமையைப் பேனரோடு விட்டுவிட்டேன்.

எங்கள் கரைக்கென்று ஒரு புத்தகக் கதை இருக்கும்போது உவமை எதற்கு என்றும் தோன்றியது. தமிழ்நாட்டில் வேறெந்தக் கரையும் சொல்ல முடியாத கதை அது. தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் புன்னைக்காயல். அங்கே இருந்து ஊழியம் செய்தவர் என்றிக்கே என்றிக்கஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார். நம்மவர்கள் அண்டிரிக் அடிகளார் என்பார்கள். அவர் தமிழ் கற்று, தமிழில் பேசி, தமிழில் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு செப நூல்தான் இந்திய மண்ணில் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது. மொத்தம் 16 பக்கம். அச்சுச் செலவுக்கு முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 400 குருசாதோ என்ற போர்த்துக்கீசிய நாணயக் கணக்கை வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

தலைமையாசிரியைக்கு இதில் ஒரு தயக்கம் இருந்தது. எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிற இடம். செப நூலைப் பற்றிப் பேசலாமா? நியாயமான கேள்விதான். நூலில் என்ன இருக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, யார் பணம் கொடுத்தார்கள், எழுத்து எப்படி இருந்தது என்பதற்குப் போய்விடுகிறேன் என்றேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கப்போவதும் அந்தப் பகுதிதான்.

புன்னைக்காயல் கதையை முழுக்கச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போகும். 1586-இல் வந்த 'அடியார் வரலாறு' அறுநூறு பக்கங்களைத் தாண்டிய பெரிய நூல். அது புன்னைக்காயலிலேயே அச்சானது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அதன் படி வத்திக்கான் நூலகத்தில் கிடந்ததைத் தமிழுலகத்துக்குச் சொன்னவர்களில் தனிநாயகம் அடிகளார் முக்கியமானவர். 1967-இல் இராசமாணிக்கம் அடிகளார் அதைப் பதிப்பித்தபோது வெளியிட்டது தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம். இதில் ஒவ்வொன்றையும் பற்றிப் பேச எனக்கு ஆசைதான். பேச்சில் எதையும் சேர்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் பிள்ளை கையோடு கொண்டுபோகக் கூடியது ஒன்று, பெற்றவர் செய்யக் கூடியது ஒன்று. அவ்வளவுக்குத்தான் இடம். மேடையில் பேசுபவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் இறக்கிவைக்கும் இடமாகத் தொடக்க விழாவை எடுத்துக்கொள்வதைப் பல வருஷம் பார்வையாளனாக இருந்து பார்த்திருக்கிறேன். பின்னால் கடைகளில் புத்தகம் அடுக்கியிருக்கும். பிள்ளைகளின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியே இருக்கும்.

அன்று கையில் ஒரு முழு அளவு செய்தித்தாள் தாளும் ஒரு கத்தரியும் கொண்டு போனேன். மேடையில் கரும்பலகை ஒன்றும் வைக்கச் சொல்லியிருந்தேன். பேசியது ஏறக்குறைய இதுதான்:

"பிள்ளைகளே, அப்பா அம்மாமாரே, எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் ஓய்வு. அதையும் இங்க வந்து செலவழிக்கீங்க. ரொம்ப சந்தோஷம். சுவர் ஓரமா நிக்கிறவங்க முன்னால வந்து உக்காருங்க, நாற்காலி உங்களுக்குத்தான் போட்டிருக்கு.

"இந்தத் தாளைப் பாருங்க. ஒருக்கா மடிக்கேன். ரெண்டாவது தரம். மூணாவது தரம். இப்ப மடிப்புகள வெட்டுறேன். எத்தனை தாள் வந்திருக்கு? எட்டு. ரெண்டு பக்கமும் எண்ணுனா? பதினாறு. இந்த நாட்டுல நம்ம எழுத்துல அச்சடிச்சு இன்னைக்கும் கண்ணால பார்க்கக் கிடைக்கிற முதல் புத்தகம் இவ்வளவுதான். பதினாறே பக்கம். வருஷம் 1578. சாமி கும்பிடுறதுக்கான செபப் புத்தகம். எழுதுனவர் நம்ம புன்னைக்காயல்ல இருந்தவர். துட்டு கொடுத்தது யாரு தெரியுமா? ராஜா கொடுக்கல. நம்ம கரையில முத்துக் குளிச்சவங்க, வலை இழுத்தவங்க கொடுத்தாங்க. அதுல அநேகம் பேருக்கு எழுத்தே தெரியாது. வாசிக்கத் தெரியாதவங்க காசு போட்டு அடிச்ச புத்தகம் அது.

"அந்தக் காலத்துல மெய்யெழுத்துக்குப் புள்ளி போட மாட்டாங்க. ஓலையில எழுதிப் பழகின பழக்கம். புள்ளி குத்துனா ஓலை கிழியும். அச்சுக்கு வந்த பிறகும் அப்படியே விட்டுட்டாங்க. இப்ப நான் பலகையில எழுதுறேன், வாசிங்க."

நான் 'பல' என்று எழுதினேன். ஒரு பக்கம் "பல!" என்று சத்தம். இன்னொரு பக்கம் ஒரு பையன் பல்லைக் காட்டி "பல்லு, பல்லு!" என்றான். 'கல' என்று எழுதினேன். 'கடல' என்று எழுதியதும் எல்லாரும் ஒரே குரலில் "கடல்!" என்றார்கள், ஒருத்தி மட்டும் "கடலை" என்றாள். கூட்டம் சிரித்தது. நாற்காலிக்கு வந்திருந்த அப்பாக்களும் வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் எனக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு நிமிடம் கூடுதலாகப் போயிற்று. போகட்டும் என்று விட்டேன்.

"இப்ப கடைக்குப் போகப் போறீங்க. ஒரு வேலை சொல்றேன். பிடிச்ச புத்தகத்தை எடுத்து, நடுவுல ஒரு பக்கத்தை விரிச்சு வாசிங்க. முட்டுற வார்த்தை வந்தா ஒரு விரலை மடக்குங்க. பக்கம் முடியுமுன்ன அஞ்சு விரலும் மடங்கிட்டா அது இப்போதைக்குக் கஷ்டம், வச்சிருங்க. ஒரு விரல்கூட மடங்கலைன்னா ரொம்ப லேசு. ஆனா ஆசையா இருந்தா அதையே வாங்குங்க, தப்பில்ல. ரெண்டு மூணு மடங்கினா அது உங்க புத்தகம்.

"அப்பா அம்மாமாருக்கு ஒரே ஒரு காரியம். ஐம்பதோ நூறோ, நீங்க கொடுக்க நினைச்ச காசைப் பிள்ளை கையில கொடுத்திருங்க. புத்தகத்தை அதுவே எடுக்கட்டும். வீட்டுக்குப் போனதும் 'வாசிச்சுக் காட்டு'ன்னு கேக்காதீங்க. 'கதையில என்ன நடந்துச்சு'ன்னு கேளுங்க. நானூத்தி எண்பது வருஷத்துக்கு முன்ன சவேரியார் இந்தக் கரையில மணி அடிச்சுப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தப்ப, கத்துக்கிட்டதைப் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கன்னு அனுப்புனாராம். அவரு எழுதின கடிதத்துல இருக்கு. இந்தக் கரையில படிப்பு பிள்ளை வாய் வழியாத்தான் வீட்டுக்குள்ள வந்திருக்கு. உங்களுக்கு வாசிக்கத் தெரியலைன்னா ஒண்ணும் இல்ல. கேக்கத் தெரிஞ்சா போதும். கண்காட்சி திறந்தாச்சு. போய்ப் பாருங்க."

விரல் மடக்கும் கணக்கு நூலகர்கள் பல நாடுகளில் சொல்லும் பழைய வழி. தமிழுக்கு அதை அப்படியே வைத்தால் ஒரு இடத்தில் இடிக்கும். 'சென்றுகொண்டிருந்தவர்களுக்கு' என்று ஒரே சொல்லாக எழுதினால், பொருள் தெரிந்த பிள்ளையும் நடுவில் முட்டும். அது அறியாத சொல்லால் வரும் முட்டல் இல்லை, நீளத்தால் வருவது. பேச்சில் கேட்டிராத எழுத்துத் தமிழும் அப்படித்தான்: 'வந்துச்சு' என்று பேசுகிற பிள்ளைக்கு 'வந்தது' பழக்கம்; 'வந்துற்றது' வந்தால் நிற்கும். அதனால்தான் 'தெரியாத வார்த்தை' என்று சொல்லாமல் 'முட்டுற வார்த்தை' என்றேன். முட்டியது எதனால் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை. அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருப்பதில் இந்த நீளக் கணக்கைப் பார்க்கலாம். கீழ்ப்படியில் வாக்கியம் சின்னது, சொல்லும் சின்னது.

பேச்சு முடிந்ததும் பொன்னாடை வந்தது. அதற்குள் முதல் இரண்டு வரிசை எழுந்து கடைப் பக்கம் போய்விட்டிருந்தது. யாரும் அதட்டவில்லை.

பிறகு இரண்டு மணி நேரம் கடைகளுக்கு இடையில் திரிந்தேன். பேச்சு வேலை செய்ததா இல்லையா என்று அங்கேதான் தெரியும். கைதட்டலை வைத்துச் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் எதற்கும் தட்டுவார்கள். ஒன்று நன்றாக நடந்தது. பிள்ளைகள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலை மடக்கிக்கொண்டு நின்றார்கள். சிலர் வேண்டுமென்றே தடித்த புத்தகமாக எடுத்து ஐந்து விரலையும் மடக்கிக் காட்டுவதை ஒரு விளையாட்டாக ஆக்கிவிட்டார்கள். அதுவும் ஒரு பக்கமாவது வாசித்த கணக்கில்தான் சேரும். கடைக்காரருக்கு மட்டும் கொஞ்சம் கடுப்பு. பக்கம் மடங்குகிறது, அழுக்குக் கை படுகிறது என்றார். வழக்கமான பத்து சதவீதத் தள்ளுபடியில் அவருக்கு மிஞ்சுவதும் அதிகமில்லை. தப்புச் சொல்ல முடியாது.

காசைப் பிள்ளை கையில் கொடுங்கள் என்றது பாதிதான் நடந்தது. பொது அறிவு, கையெழுத்துப் பயிற்சி, ஸ்போக்கன் இங்கிலீஷ் மூன்றும்தான் பெற்றவர்கள் கை போகும் இடம். "கதைப் புத்தகம் ஒருக்கா வாசிச்சா முடிஞ்சிரும்லா சார், இது வருஷம் பூரா ஆகும்" என்று ஒரு அப்பா கணக்குச் சொன்னார். விசைப்படகில் டிரைவர். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது; முந்நூறு ரூபாய்க்குப் பொது அறிவு வாங்கினால் பக்கத்துக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. நான் வாதாடவில்லை. பையன் கையில் முப்பது பக்கப் படப் புத்தகம் ஒன்று இருந்தது, ஆமையைப் பற்றி. அப்பா அதை வாங்கிப் புரட்டினார். ஒரு படத்தில் நின்றார். "இது பெருந்தலை ஆமைலா. நம்ம வலையில வந்துச்சே, அறுத்து விட்டோம்லா, அது" என்றார் பையனிடம். பிறகு என்னைப் பார்த்து, "எழுதினவரு கடலுக்குப் போயிருப்பாரு போல" என்றார். இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்று நான் கணக்கில் சேர்க்காமல் விட்ட ஆள் ஒருவர் வந்தார். பழைய துறைமுகப் பக்கம் மீன் விற்கும் அம்மா. மகள் எட்டாம் வகுப்பு. மகள் எடுத்துவிட்டாள், துட்டும் கொடுத்தாயிற்று. இவர் மட்டும் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்: "எய்யா, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். எனக்கு ஆகுற மாதிரி ஒண்ணு இருக்குமா?"

இத்தனை வருஷம் நூலகத்தில் உட்கார்ந்தவனுக்கு அந்தக் கேள்விக்குக் கையில் தயாராகப் பதில் இருந்திருக்க வேண்டும். கூட்டி வாசிக்கும் பெரியவருக்கு என்று தமிழில் புத்தகம் குறைவு. எழுத்துப் பெரிதாக இருப்பது எல்லாம் முயல், யானை. பெரியவர் கதை என்றால் எழுத்துப் பொடி. அறிவொளி இயக்கக் காலத்தில் புதிதாக எழுத்துப் படித்தவர்களுக்கென்று சிறு நூல்கள் வந்தன. கடைகளில் அவை அகப்படுவதில்லை. அந்தக் கண்காட்சியில் கடைசியாகக் கிடைத்தது நாட்டுப்புறக் கதை ஒன்று, பெரிய எழுத்து, பக்கத்துக்கு நாலைந்து வரி. மேடையில் சொன்னபடியே நடுப் பக்கத்தை விரித்து விரலை மடக்கினார். கூட்டிக் கூட்டி வந்ததில் நேரம் ஆயிற்று. மூன்று விரல் மடங்கியது. "மூணு. சரிதானய்யா?" என்றார். மகள் "எம்மா, அது மூணாங்கிளாஸ் புள்ளைக்கு உள்ளது" என்று காதில் சொன்னாள். "நான் ரெண்டாங்கிளாஸோட நின்னவ, அதைவிட ஒண்ணு கூடத்தான்" என்றார் அம்மா. இருபத்தைந்து ரூபாய். முந்தியில் இருந்து எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டும் அதே தலைமையாசிரியை கூப்பிட்டார். இரண்டு காரியம் கேட்டேன். கடைக்காரர்களிடம் சொல்லி, பெரிய எழுத்தில் பெரியவர்களுக்கான கதைகள் ஒரு மேஜை நிறைய வைக்க வேண்டும். மேஜையில் 'எழுத்துக் கூட்டுகிறவர்களுக்கு' என்ற மாதிரி எதுவும் எழுதி ஒட்டக் கூடாது. அதற்கு உடனே சரி என்றார். இன்னொன்று, பிள்ளைகள் ஒரு மணி நேரம் கடைகளைப் பார்த்த பிறகு நான் பேசுகிறேன், திறப்பு விழாவைப் பிறகு வைத்துக்கொள்வோம் என்றேன். "அதெப்படி சார், தொறக்காமலே எப்படி உள்ள விடுறது? ரிப்பன் இருக்குல்லா" என்றார். ரிப்பனைக் கடை வாசலில் இருந்து எடுத்து மேடை முன்னால் கட்டலாமே என்று சொல்லிப் பார்த்தேன். கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்திருக்கிறார்.